போகாத பணத்துக்கு வந்த காத்திருப்பு

தையல்கார அக்கா கெட்டிக்காரிதான். ஆனால் போனில் மெசேஜ் வந்தால்தான் எதையும் நம்புவாள். அந்த வாரம் அவளைக் கவிழ்த்ததும் அதுவேதான்.

பள்ளி ஒன்று நூறு சீருடைகள் தைக்கக் கேட்டிருந்தது. ஓரம் அடிக்கும் மெஷின் இருந்தால்தான் நேரத்துக்கு முடியும். முடியுமா முடியாதா என்று வெள்ளி மதியத்துக்குள் சொல்லச் சொன்னார்கள். திங்களன்று ஆன்லைன் கடையில் ஒன்றை ஆர்டர் செய்தாள். பழைய பொருளைத் திருப்பியதில் அந்தக் கடையில் கிடந்த கிரெடிட் கொஞ்சம், வாலட்டில் இருந்தது கொஞ்சம், மீதிப் பெருந்தொகை டெபிட் கார்டில்.

மறுநாளே கடை கையை விரித்தது. ஸ்டாக் இல்லை, ஆர்டர் ரத்து, பணம் திரும்ப வரும் என்றது. கடை கிரெடிட் அந்த நிமிடமே வந்துவிட்டது. அது அவர்கள் கணக்கிலேயே மாற்றி எழுதும் எண்தானே. ஆனால் அதை அந்தக் கடையில் மட்டும்தான் செலவழிக்கலாம். வாலட் பணம் சாயங்காலம் வந்தது. கார்டுப் பணத்தை மட்டும் காணோம். அது வந்தால்தான் வேறு கடையில் மெஷின் வாங்க முடியும்.

புதன்கிழமை ஏடிஎம்மில் பார்த்தாள், குறைந்தது குறைந்தபடியே இருந்தது. கடைக்காரர்கள் எங்கள் பக்கம் முடிந்துவிட்டது என்றார்கள். வங்கிக்குப் போன் போட்டால் எந்த வரவும் இல்லை என்றார்கள். ஒரே கடை, ஒரே ரத்து, மூன்று விதமாக எப்படி நடக்கும்? அவளுக்குத் தலை சுற்றியது. லாரி ஓட்டும் கணவன், உன் பணம் நடந்து வருகிறது போல என்று கிண்டல் செய்தான். அவளுக்குச் சிரிப்பே வரவில்லை.

வெள்ளி மதியம் வரை மெசேஜ் இல்லை. பள்ளிக்குப் போன் செய்து முடியாது என்றாள். வேலை எதிர்த்தெரு டெய்லருக்குப் போனது.

சனிக்கிழமை சண்டை போடவே வங்கிக்குப் போனாள். கவுண்டரில் இருந்த பெண் கணக்கைப் பார்த்துவிட்டுக் குழம்பினாள்.

"உங்க பணம் முழுசா இருக்கேக்கா."

"வந்ததா மெசேஜே வரலையேம்மா?"

"அது கணக்க விட்டுப் போகவே இல்லக்கா. கடை கேட்டதால தனியா பிடிச்சு வெச்சிருந்தோம். அவங்க அத எடுத்துக்கவே இல்ல. வியாழக்கிழமை சாயங்காலமே பிடிய விட்டாச்சு. போகாத பணம் எப்படி வரவுல விழும்?"

அக்காவுக்குப் பாதி புரிந்தது. கடை சொன்னதும் பொய்யில்லை, வங்கி சொன்னதும் பொய்யில்லை. திட்டுவதற்கு ஆள் கிடைக்காததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எதிர்த்தெரு டெய்லர் வாசலில் நின்றார்.

"நூறும் என்னால முடியாதும்மா. முப்பது பாவாடை நீ தச்சுக் குடு. பீஸுக்கு இவ்வளவுன்னு தரேன்."

அவர் சொன்னது பள்ளி அவளுக்குத் தருவதாகச் சொன்னதில் பாதி. துணியை எப்போது கொண்டு வருவீர்கள் என்று கேட்டாள்.