பதிலுரையின் ஒன்பதாவது பத்தி

தஞ்சாவூர் நீதிமன்றத்துக்கு எதிர்ச்சந்தில் ஒரு வழக்கறிஞரிடம் பதினெட்டு வருடமாக எழுத்தராக இருக்கிறேன். தட்டச்சு, கோப்பு, வாய்தா தேதி எல்லாம் போக எனக்கென்று தனியாக ஒரு வேலை உண்டு. நுகர்வோர் வழக்குகளில் கடைக்காரர் தரப்பு பதிலுரை போட்டதும், அதையும் நம் புகாரையும் படித்துக் கட்சிக்காரருக்குப் புரிகிற தமிழில் ஒரே பக்கச் சுருக்கம் எழுத வேண்டும். இடப்பக்கம் நாம் சொன்னது, வலப்பக்கம் அவர்கள் சொன்னது, அடியில் நம்மிடம் இருக்கும் ஆதாரமும் இல்லாத ஆதாரமும். அதைப் படித்துவிட்டுத்தான் வழக்கைத் தொடர்வதா விடுவதா என்று கட்சிக்காரர் முடிவு செய்வார். எங்கள் சாரின் கட்டளை ஒன்றுதான்: "நமக்குப் பிடிக்காதத முதல்ல எழுதும்மா." நானும் அப்படித்தான் எழுதி வந்தேன். ஒரே ஒரு முறை எழுதவில்லை.

புகார்தாரர் திருப்பனந்தாள் பக்கத்துக்காரர், கத்தோலிக்கக் குடும்பம். முப்பத்தைந்து வயதிருக்கும். வளைகுடாவில் வெல்டர். கத்திரி வெயிலில் அவர் அப்பா இறந்துபோனார். அவசர விடுப்பு வாங்கி, டிக்கெட் கிடைத்து, மகன் திருச்சி வந்து இறங்க இரண்டரை நாள் ஆகும் என்றாகிவிட்டது. அதனால் அடக்கச் சாமான் விற்கும் கடையில் சவப்பெட்டி வாங்கும்போதே ஃப்ரீசர் பாக்ஸையும் வாடகைக்குச் சேர்த்து ஒரே ரசீதில் எடுத்தார்கள். இரண்டாம் நாள் மாலை ஃப்ரீசர் பெட்டிக்குள் தண்ணீர் கோத்து நின்றது, வாடை வந்தது. இனி வைத்திருக்க முடியாது என்று மறுநாள் காலையிலேயே பூசை வைத்து அடக்கம் செய்துவிட்டார்கள். மகன் பிற்பகல் வந்து சேர்ந்தபோது கல்லறையில் ஈர மண்ணும் மாலையும்தான் இருந்தன. அப்பாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

பழுதான பெட்டியைக் கொடுத்ததால்தான் இப்படி ஆனது என்பது எங்கள் புகார். நஷ்டஈடு என்று ஒரு தொகை மனுவில் இருந்தது, ஏனென்றால் மனுவில் அது இருந்தாக வேண்டும். அவருக்கு அதில் அக்கறை இல்லை. "அந்தக் கடைக்காரன் ஆணையத்துக்கு முன்னாடி நின்னு பதில் சொல்லணும் மேடம்" என்பார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அங்கிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு இதையேதான் சொல்வார். சில வெள்ளிக்கிழமைகளில் எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும்.

பதிலுரை வந்தது. ஆங்கிலத்தில் பதினாறு பத்தி. ஒன்பதாவது பத்தியில், பெட்டி நன்றாகவே வேலை செய்தது, குடும்பத்தார் ஒருவர் சுவர் சுவிட்சை அணைத்ததால்தான் குளிர் போனது என்று எழுதியிருந்தார்கள். யார் என்று எழுதவில்லை. ஆனால் பின்னால் இணைத்திருந்த, பெட்டியைக் கொண்டுவந்த கடை டிரைவரின் வாக்குமூலத்தில் இருந்தது. மாலையில் போன் வந்து அவர் போய்ப் பார்த்தபோது சுவிட்ச் அணைந்திருந்தது. பெட்டியின் மூடியைத் திறந்தால் பிணத்தின் மேல் கம்பளிப் போர்வை. யார் செய்தது என்று கேட்டதற்கு, இறந்தவரின் மனைவி அவரைத் தனியாக அழைத்துப்போய், "அவருக்குக் குளுரு ஆகாதுங்க. எல்லாரும் சாப்புடப் போனப்ப நான்தான் நிறுத்துனேன். வெளியில சொல்லிடாதீங்க" என்றாராம்.

நான் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன். பொய் என்று தள்ள முடியவில்லை. இப்படி ஒரு பொய்யை எந்தக் கடைக்காரனுக்கும் கற்பனை செய்யத் தெரியாது.

சுருக்கம் எழுத உட்கார்ந்தேன். வலப்பக்கத்தில் 'குடும்பத்தார் ஒருவர் சுவிட்சை அணைத்ததாகச் சொல்கிறார்கள்' என்று எழுதினேன். பதிலுரையில் உள்ளதே அதுதானே, நான் எதை மறைத்தேன் என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொண்டேன். டிரைவரின் வாக்குமூலத்தைப் பற்றி 'இணைப்பு: ஊழியர் வாக்குமூலம்' என்று இரண்டே சொல். சார் பாபநாசத்தில் ஒரு வழக்குக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் அந்தத் தாளைத் திருப்பி என் மேலேயே வீசியிருப்பார்.

மகன் விடுப்பில் வந்திருந்தார். நான்கு நாளில் திரும்பிப் போக வேண்டும். அடுத்த வாய்தாவுக்கு அவர் சத்தியம் செய்து எழுதித் தரும் நிரூபண வாக்குமூலம் தாக்கலாக வேண்டும், போவதற்குள் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அதனால் அன்றே முடிவு சொல்ல வேண்டிய கட்டாயம். வருவார் என்று தெரியும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவார் என்று தெரியாது.

"மெடிக்கல் காலேஜ்ல அம்மாவுக்குக் கண் காட்டிட்டு அப்படியே வர்றோம் மேடம்."

அந்த அம்மா கண்ணுக்கு விட்ட சொட்டு மருந்தைத் துடைத்தபடி சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தார். ஒடிசலான உடம்பு, கழுத்தில் ஜெபமாலை. பதிலுரைக் கோப்பை இழுத்து என் கைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் சுருக்கத்தை வாய்க்குள் படித்தார். வலப்பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

"குடும்பத்தார் ஒருவரா? யாரு மேடம்?"

"அவங்க அப்படிச் சொல்றாங்க தம்பி."

"யாருன்னு சொல்லலையா?"

"பதிலுரையில பேரு போடல."

சொன்னது பொய்யில்லை. பொய்யைவிடக் கேவலமாக இருந்தது.

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "எனக்குத் தெரியும். தங்கச்சி வீட்டுக்காரன்தான். காலையில எடுத்துடணும், வைக்க முடியாதுன்னு குதிச்சதும் அவன்தானே? பந்தல்ல மைக் செட்டுக்குப் பிளக்கு வேணும்னு புடுங்கியிருப்பான். ஒரு வருஷமா என் மூஞ்சிய நேரா பாக்குறதில்ல."

"தம்பி, அவசரப்படாதீங்க. உக்காருங்க."

அவர் கேட்கவில்லை. போனில் ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்தார். மணி அடித்தது. மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா "எதுக்குய்யா அவரைப் போயி..." என்றார்.

"சொல்லுங்க மச்சான்" என்றது போன்.

"சுவிட்ச அமத்துனது நீதானேடா?"

"எந்தச் சுவிட்சு?"

"நடிக்காத. அப்பா பெட்டி சுவிட்ச. வக்கீல் ஆபீஸ்லதான் நிக்கிறேன். எல்லாம் எழுத்துல வந்திருக்கு. நான் அப்பா மொகத்தப் பாக்கக் கூடாதுன்னே பண்ணியிருக்க. இனிமே என் தங்கச்சி என் வீட்டு வாசப்படி மிதிக்கட்டும், அப்பறம் இருக்கு."

"மச்சான், சத்தியமா நான் இல்ல. என் புள்ள மேல..."

"புள்ள மேல சத்தியம் பண்ணாதடா!"

எழுத்தில் வந்திருக்கிறது என்று அவர் சொன்னாரே, அது என் எழுத்து. இளகிய மனசு என்று என்னை நானே மெச்சிக்கொண்டு எழுதிய ஒரு வரி இப்போது ஒரு குடும்பத்தைப் பிரிக்கப்போகிறது.

"தம்பி, அவர் இல்ல" என்றேன். கொஞ்சம் கத்தியே சொல்லிவிட்டேன். "அவரைத் திட்டாதீங்க. அவர் இல்லன்னு எனக்குத் தெரியும்."

"அப்ப யாரு?"

நான் பார்த்திருக்கக் கூடாது. ஆனால் என் கண் அந்த மூலைக்குப் போய்விட்டது. அவர் என் கண்ணைப் பார்த்தார், பிறகு திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

"நான்தான்யா" என்றார் அந்த அம்மா.

வெளியே சந்தில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள். அது கிளம்பவில்லை.

"படுக்கையில கெடந்த நாலு மாசமும் உங்கப்பா ஃபேன்கூடப் போட விடல. ரத்தம் செத்துப்போன ஒடம்பு. போர்வைக்குள்ளயே கெடந்தாரு. அன்னிக்கு எல்லாரும் கொட்டாயில சாப்புட உக்காந்துட்டாங்க. நான் மட்டும் பக்கத்துல இருந்தேன். பெட்டிக் கண்ணாடியெல்லாம் வேத்து ஊத்துது. தொட்டுப் பாத்தேன், என் கை வெறச்சுப் போச்சு. இதுக்குள்ள எப்படிய்யா அவரப் போட்டு வைக்கிறது? கொஞ்ச நேரந்தான் நிறுத்துவோம்னு நிறுத்துனேன். போர்வையப் போத்திவிட்டேன். அப்பறம் ஆளுக மேல ஆளுகளா வந்து கட்டிப் புடிச்சு அழுதாங்க. மறுபடி போடணுங்கறதே மறந்துட்டேன்."

மகன் நின்ற இடத்திலேயே நின்றார். மேசை மேல் போன் இன்னும் பேசிக்கொண்டிருக்கும் நிலையிலேயே இருந்தது. அதிலிருந்து "மச்சான்... நான் வச்சிடுறேன் மச்சான்" என்று மெல்லிய குரல் வந்தது.

"இருங்க மாப்ள" என்றார் இவர். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கம்தான் துண்டித்தார்கள்.

நான் டிரைவரின் வாக்குமூலத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இத நான் சுருக்கத்துல எழுதியிருக்கணும். எழுதல. என் தப்பு" என்றேன். அவர் அதைத் தொடவில்லை.

பிறகு என் வேலையைச் செய்தேன். காலையில் எழுத்தில் செய்திருக்க வேண்டியதை அப்போது வாயால் செய்தேன். வழக்கு இன்னும் சாகவில்லை என்றேன். சுவிட்சை அணைக்கக் கூடாது, மூடியைத் திறக்கக் கூடாது என்று கடைக்காரர்கள் யாருக்கும் சொல்லித்தரவில்லை. சொன்னதாகப் பதிலுரையிலும் இல்லை. போன் செய்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ஆள் வந்தார், அதற்கு நம்மிடம் போன் பதிவு இருக்கிறது. அதை வைத்துச் சேவைக் குறைபாடு என்று வாதாடலாம். ஆனால் பழுதான பெட்டி என்று நாம் எழுதியது நிற்காது. அப்படி மறுபடி சத்தியம் செய்து கையெழுத்துப் போட முடியாது, போடவும் கூடாது. தொடர்ந்தால் எதிர்த்தரப்பு அம்மாவுக்குக் கேள்விகள் எழுதிக் கொடுக்கலாம். அம்மா சத்தியப் பிரமாணத்தில் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டி வரலாம். இதையெல்லாம் சாரிடமும் ஒரு தடவை கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள் என்றேன்.

"நான் சொல்றேன்யா" என்றார் அம்மா. "எங்க வந்து வேணாலும் சொல்றேன். உனக்கு மனசு ஆறும்னா நடத்து. எனக்கு என்ன பயம்?"

மகன் தலையை ஆட்டினார். "வேண்டாம் மேடம். வாபஸ் மனு அடிங்க. சார்கிட்ட நான் பேசிக்கிறேன்." பிறகு யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "எனக்கு யாரையாவது கேக்கணும்னு இருந்துச்சு. ஏன் பாக்க முடியாமப் போச்சுன்னு யாரையாவது புடிச்சுக் கேக்கணும். அதுக்குத்தான் இந்தக் கேஸே."

நான் தட்டச்சுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வழக்கின் எண்ணை அடிக்கும்போதே இரண்டு தடவை தப்பு வந்தது. பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

"அம்மா."

"என்னய்யா?"

"நீ மட்டும் இருந்தப்ப... அப்பா மொகம் எப்படி இருந்துச்சு?"

ஒன்றேகால் வருடத்தில் அவர் பெட்டியைப் பற்றி எல்லோரையும் கேட்டிருந்தார். இதை யாரையும் கேட்கவில்லை போலிருக்கிறது. அந்த அம்மா யோசித்துச் சொன்னார்.

"வலி இல்லய்யா. நாலு மாசத்துல அன்னிக்குத்தான் வலி இல்லாத மொகமாப் பாத்தேன். நெத்தியில சுருக்கமே இல்ல. கல்யாணத்தப்ப இருந்தாரே, அப்படி. எவ்ளோ நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன் தெரியுமா?"

மகன் அழுதது அதற்குப் பிறகுதான். நான் திரும்பிப் பார்க்காமல் மனுவை அடித்து முடித்தேன்.