ஆறா, அரையா?

மருத்துவமனையின் வீடியோ பிரிவில் ஒன்பது வருடமாக அவள் எடிட்டர். எல்லாருக்கும் ‘சப்டைட்டில் அக்கா’. காது கேளாதவர்களும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எல்லா வீடியோவிலும் எழுத்து போட்டே தீருவாள்.

அன்று மதியம் நர்ஸம்மா மூச்சிரைக்க உள்ளே வந்து போனை நீட்டினார். வயிற்றுப்போக்குக் குழந்தைகளுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் செய்யும் வீடியோ. காலையில்தான் இருநூறு பேருக்கு அனுப்பியிருந்தார்கள்.

“தையல் வேலை பாக்குற பொண்ணு அனுப்பியிருக்கா. காது கேக்காது. ‘உப்பு ஆறு கரண்டியா?’ன்னு கேக்குறா. இதைப் பாருங்க.”

ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தேக்கரண்டி அளவு. மேல்வரி, சர்க்கரை ஆறு கரண்டி. கீழ்வரி, உப்பு அரைக் கரண்டி. ஆனால் போனில் அந்த ‘அ’வின் சுழி பக்கத்து எழுத்தோடு ஒட்டி ‘ஆ’ போலத் தெரிந்தது. அடுத்த எழுத்து வெறும் கறை.

“குழந்தைக்குக் கொடுத்துட்டாளா?”

“அரை மணி நேரமா நான் போட்ட மெசேஜைப் பாக்கவே இல்ல. போன் பண்ணாலும் கேக்காதே! நான் ஆட்டோல போறேன்.”

நர்ஸம்மா ஓடினார். அவள் எல்லாருக்கும் ‘வீடியோவைப் பார்க்காதீர்கள், உப்பு அரைக் கரண்டி மட்டும்’ என்று வெறும் செய்தியாக அனுப்பினாள். பிறகு பிழையைத் தேடினாள். தேட என்ன இருக்கிறது? பெரிய திரையில் அழகாக இருக்கிறதென்று மெல்லிய மஞ்சள் எழுத்தைப் பதித்து, அதன்பின் வீடியோவைச் சுருக்கியிருந்தாள். எழுத்தும் சேர்ந்து சுருங்கியது. அனுப்பும்போது மெசேஜ் ஆப் கோப்பைச் சிறிதாக்க மேலும் அழுத்தியது. நிறத்தின் விளிம்புகளைத்தான் அது முதலில் கரைக்கும்.

ஒரு குழந்தை துவண்டு கிடப்பது கண்முன் வந்து வந்து போனது. சும்மா உட்கார முடியவில்லை. இந்த முறை முதலில் வீடியோவைச் சுருக்கினாள். அந்தச் சின்ன அளவிலேயே தடித்த வெள்ளை எழுத்தைப் பெரிதாகப் பதித்தாள். சுழிகள் அடைந்துபோகாமல் எழுத்தைச் சுற்றிய ஓரக் கோட்டை மெலிதாக்கினாள். பின்னால் அசையாத கறுப்புப் பட்டை. ஒரு நேரத்தில் ஒரே வரி. ஆப் மறுபடி அழுத்தாதபடி கோப்பாகத் தன் பழைய போனுக்கு அனுப்பிப் பார்த்தாள். ‘அரை’ ‘அரை’யாகவே இருந்தது.

போன் அடித்தது. நர்ஸம்மா. எடுக்கவே பயம்.

“குழந்தை நல்லாருக்கு அக்கா. கலக்கிட்டு முதல்ல இவ வாயில வச்சிருக்கா. கரிச்சதும் துப்பிட்டு, கீழ ஊத்திட்டா. குழந்தையைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்பிட்டிருந்தா.”

அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

புது வீடியோ அன்றே போனது. தையல்காரியிடமிருந்து பதில் வந்தது: ‘எழுத்து பளிச்சுனு இருக்கு. ஆனா படிக்கிறதுக்குள்ள ஓடிடுது.’

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் இரண்டு நொடி கூட்டினாள்.