இரண்டு உறைகளில் ஒரே பதிவெண்

பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஜூலை பிறந்தால் நன்கொடை ரசீதுகள் என் மேசைக்கு வந்துவிடும். வரிக்கழிவு கேட்பதற்காக அறக்கட்டளையின் பெயர், பான் எண், 80ஜி பதிவெண், தொகை எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுவேன். பதிவெண்ணின் முதல் பத்து எழுத்துகள் அந்த அறக்கட்டளையின் பான் எண்ணேதான். அதனால் ரசீதில் எண்ணெய் பட்டு ஒரு இலக்கம் மூன்றா எட்டா என்று தெரியாவிட்டால், பான் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வேன்.

அப்படி எண்ணெய்க்கறையோடு வந்த ஒரு ரசீது திசையன்விளை மளிகைக்கடை அண்ணாச்சியுடையது. காது கேளாத பிள்ளைகளின் விடுதி ஒன்றுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் கைபேசி வழியாக அனுப்பியிருந்தார். அரிசி இறக்கப் போன இடத்தில் பிள்ளைகள் கைஜாடையில் இவரைக் கேலி செய்ததாகவும், அது தனக்கு ரொம்பப் பிடித்துப்போனதாகவும் சொன்னார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "எம்மா, இது எங்க வீட்டு டீச்சருக்குத் தெரியக்கூடாது பாத்துக்கோ. வீட்டுக்கு வெள்ளையடிச்சு முடிக்கற வரைக்கும் ஒருத்தருக்கும் ஒத்த ரூவா குடுக்கப்படாதுன்னு சட்டம் போட்டிருக்கா."

டீச்சர் என்றது அவர் மனைவியை. அவருக்கும் எங்கள் அலுவலகத்தில்தான் கணக்கு.

ரசீதோடு விடுதி கொடுத்த 10பிஇ சான்றிதழும் இருந்தது. கழிவு கேட்க அது வேண்டும். பார்த்தால், அதில் இருபத்தைந்தாயிரம்.

"அண்ணாச்சி, பத்தாயிரம் கூட இருக்கே?"

"அவங்களே போட்டிருக்காங்கன்னா இருந்துட்டுப் போகட்டுமே, தாயி."

"நீங்க குடுக்காததுக்குக் கழிவு கேக்க முடியாது அண்ணாச்சி."

"சாமி கணக்குல ஒண்ணைப் பத்தாக்குதாரு. உங்க கம்ப்யூட்டருக்குத்தான் மனசு வரமாட்டேங்குது" என்று சிரித்துக்கொண்டே போனார்.

இரண்டு நாள் கழித்து டீச்சர் வந்தார். கைப்பைக்குள் கைவிட்டு, பைய ஒரு உறையை எடுத்து நீட்டினார். "இதை அவுக பைலோட சேத்துறாத. அவுகளைக் குடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டு நானே குடுத்திருக்கேன். அங்க உள்ள பிள்ளைக எங்க பள்ளிக்கூட ஆண்டுவிழாவுல ஆடுச்சுக. மனசு கேக்கல."

ரசீது காசோலைக்கு. தொகை பத்தாயிரம். சான்றிதழ் இன்னும் வரவில்லை என்றார். பதிவெண்ணை அடிக்கத் தொடங்கியபோதே விரல்களுக்கு அது பழகின எண்ணாக இருந்தது. அதே விடுதி. சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தேன்; புரையேறியது.

ஒருவர் விவரத்தை மற்றவரிடம் சொல்லக்கூடாது என்பது எங்கள் அலுவலக விதி. அதனால் "சரிபாத்துச் சொல்லுதேன் டீச்சர்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு, ரசீதுகளின் எண்களைச் சொல்லி விடுதிக்குப் பேசினேன்.

அங்கிருந்த எழுத்தர் பதறிப்போனார். "ரெண்டும் ஒரே வீட்டு விலாசம்லா! ஒரே ஆளுன்னு நெனச்சு ரெண்டையும் ஐயா பான் எண்ணுலயே ஏத்திட்டேன். திருத்தித் தாக்கல் பண்ணிருதேன். ஆனா ரெண்டு பேரும் ஆளுக்கொரு கடுதாசி கையெழுத்துப் போட்டுத் தந்துரணும்."

அண்ணாச்சியைப் பதினோரு மணிக்கும் டீச்சரைப் பன்னிரண்டு மணிக்கும் வரச் சொன்னேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அண்ணாச்சி வந்த பேருந்து வழியில் பஞ்சராகி நின்றது. டீச்சர், வெயிலுக்கு முன்னால் முடித்துவிடலாமென்று அரைமணி முன்கூட்டியே வந்தார். கதவருகே இருவரும் முட்டிக்கொண்டார்கள்.

"நீங்க எங்க இங்கன?"

"நீ எங்க இங்கன?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கணினியைப் பார்த்தேன். எழுத்தரின் தவறைத் திருத்தக் கேட்டு நான் அடித்துவைத்திருந்த இரண்டு கடிதங்களும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. டீச்சர் குனிந்து வாசித்தார். தேர்வுத்தாள் திருத்துகிறவர் இல்லையா, ஒரு வரியும் தப்பவில்லை.

"பதினைஞ்சாயிரமா?" என்றார்.

"பத்தாயிரமா?" என்றார் அண்ணாச்சி. "அந்தச் சட்டம் எனக்கு மட்டுந்தானா?"

டீச்சருக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு உதடு துடித்தது. "சிரிக்காதீக, எனக்குச் சிரிப்பு வருது" என்றவர், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சியின் சிரிப்பு உள்ளறையிலிருந்து ஆடிட்டரையே எழுப்பிக் கொண்டுவந்துவிட்டது.

அடுத்த வாரம் திருத்திய சான்றிதழ்கள் வந்தன. அண்ணாச்சிக்குப் பதினைந்து, டீச்சருக்குப் பத்து. இரண்டுக்கும் வேறு வேறு சான்றிதழ் எண். அவரவர் படிவத்தில் தனித்தனியாக ஏற்றினேன். கடைசித் தேதிக்கு முன்பே இரண்டும் தாக்கலாகிவிட்டன.

டீச்சர் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்த எழுத்தர் சம்பளம் வாங்குத ஆளா, சேவைக்கு வாரவரா?"

"சேவைக்குத்தான் டீச்சர்."

"அப்ப திட்டக்கூடாது" என்றார். "அடுத்த வருசம் நானே போயி அந்தப் பதிவேட்டை எழுதிக் குடுக்கேன்."