வெட்டாத வீடியோ

என் மகளின் நடன வீடியோவைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் நாத்தனார் அதைப் பார்த்து அழுதே விட்டாளாம். அது ஒன்றுக்கும் உதவாத வீடியோ என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

வெளிநாட்டில் நடனத்தில் முதுகலை படிக்க அவள் விண்ணப்பித்தாள். முதலில் வீடியோ அனுப்ப வேண்டும். அதில் தேறினால்தான் நேர்முகத் தேர்வு. கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரரைப் பிடித்தோம். மனுஷர் உயிரைக் கொடுத்து உழைத்தார். கண்ணுக்கு ஒரு க்ளோசப், சலங்கைக்கு ஒரு க்ளோசப், சுழலும்போது ஸ்லோ மோஷன், முடிவில் மேலிருந்து பூ வேறு கொட்டியது. அனுப்பப் போகும் நேரத்தில் மகள் விதிமுறையை மறுபடி படித்தாள். கேமரா ஓரிடத்தில் நிற்க வேண்டும். தலை முதல் கால் வரை தெரிய வேண்டும். நடுவில் வெட்டவே கூடாது.

ஸ்டுடியோக்காரர் நம்பவில்லை. "வெட்டாம குடுத்தா கால் தப்புனா தெரிஞ்சுடுமே மேடம்" என்றார்.

"அதைத்தாண்ணா பாக்குறாங்க" என்றாள் மகள்.

வேங்கிக்காலில் ஒரு மண்டபம் எடுத்து மறுபடி ஆடினாள். நன்றாக வந்த ஒன்றில் பஸ் ஹாரன் விழுந்தது. இன்னொன்றில் பாதி ஆட்டத்தில் கரண்ட் போனது. இருட்டும்போதுதான் ஒன்று தேறியது. அவள் பாதத்தில் கொப்புளம் வந்திருந்தது. பூ கொட்டிய வீடியோ சொந்தக்காரர்களிடம் சுற்ற, பூ கொட்டாத இதைத் தேர்வு செய்யும் ஆசிரியர்களைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அதற்குத்தான் அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டார்கள். கணினியில் நேரலையாக ஆட வைத்துப் பார்த்துவிட்டு, இடமும் கொடுத்தார்கள்.

ஒரு நாள் சந்தோஷமாக இருந்தோம். பிறகு கடிதத்தை ஒழுங்காகப் படித்தோம். கட்டணத்தில் பாதிதான் உதவித்தொகை. மீதிப் பாதியும், தங்க, சாப்பிட, விமானத்துக்கு எல்லாமும் எங்கள் தலையில். ஒரு வருஷச் செலவுக்குப் பணம் இருப்பதை விசாவுக்குக் காட்டவும் வேண்டும். வங்கியில் அவ்வளவு பெரிய கடனுக்கு அடமானம் கேட்டார்கள். எங்கள் வீடோ கூட்டுப் பட்டா. கொழுந்தனார் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். ஆடிவிட்டு வந்தால் என்ன வேலை கிடைக்கும் என்று மேலாளரும் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது.

கலைஞர்களுக்கான அறக்கட்டளைகளுக்கு எழுதினாள். அந்த வருஷத்துக்கான கெடு முடிந்திருந்தது. வேறு வழியில்லாமல், இடத்தை ஒரு வருஷம் தள்ளித் தரும்படி கல்லூரியைக் கேட்டாள். இடம் காத்திருக்கும் என்று பதில் வந்தது. உதவித்தொகை காத்திருக்காதாம். அதற்கு மறுபடி போட்டியிட வேண்டும், புது வீடியோவோடு.

படித்த கையோடு ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டாள். "அதே மண்டபம் கெடைக்குமாண்ணா? ஒரு கேமரா போதும். பூ வேணாம்."

பேசிக்கொண்டே, கொப்புளம் காய்ந்த இடத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். போதும்டி, விட்டுடு என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தேன்.