எட்டுச் சுற்று

அப்போது எனக்கு வயது ஐம்பத்தொன்று, அவளுக்கு இருபத்தாறு. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் கால்வாய்ப் பிரிவுக்கு இன்ஜினீயராக வந்தாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நான் நின்றுகொண்டு பதில் சொல்ல வேண்டும். வயிறு எரிந்தது.

தாமிரபரணித் தண்ணீரை மடைகளில் பிரித்து விடுவது என் வேலை. எந்த மடையானாலும் ஷட்டரை எட்டுச் சுற்றுத் திறப்பேன். எல்லாருக்கும் சமம், எவனும் குறை சொல்ல முடியாது என்ற திமிர். அந்தப் பிசானப் பருவத்தில் கடைமடை நெல் பொதி கட்டி, கதிர் வெளிவரும் நிலையில் நின்றது. நாலைந்து நாளில் தண்ணீர் ஏறாவிட்டால் அத்தனையும் பதர். மேல் மடையில் எவனோ மோட்டார் போட்டு இழுக்கிறான் என்று விவசாயிகளிடம் சொன்னேன். வருடா வருடம் அதைத்தான் சொல்லி வந்தேன்.

அவள் நம்பவில்லை. விவசாயிகள் முன்னாலேயே, முதல் மடை வாய்க்காலில் வாழைமட்டைத் துண்டு ஒன்றைப் போடச் சொல்லி, இருபதடி தூரத்தை அது கடக்கும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்தாள்.

"இது என்ன மேடம், சின்னப்பிள்ளை விளையாட்டு?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் கோபப்படவில்லை. எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

கடைமடையிலும் அதே எட்டுச் சுற்று, அதே அகல வாய்க்கால். மட்டை நகரவே மாட்டேன் என்றது. இரண்டு மடங்கு நேரம், ஆழமும் பாதிதான்.

"அண்ணாச்சி, முதல் மடைக்கு முன்னால நெஞ்சளவு தண்ணி நிக்கி. இங்கன முழங்காலளவுதான். அழுத்துத தண்ணி குறைஞ்சா, அதே திறப்புல ஓடுததும் குறையும். அங்க ரெண்டு சுத்து இறக்குங்க, இங்க அஞ்சு சுத்து ஏத்துங்க. காலையும் சாயங்காலமும் மடைக்கு முன்னால நட்டிருக்க அளவுகோலைப் பாத்து மாத்தணும்" என்றாள்.

தோற்கட்டும் என்று கறுவிக்கொண்டுதான் சுற்றினேன். ஆனாலும் காலையும் மாலையும் அளவுகோலைப் பார்த்தேன். தண்ணீர் இறங்க இறங்கத் திறப்பைக் கூட்ட வேண்டியிருந்தது. சனியன், அவள் சொன்னது அப்படியே சரியாக இருந்தது.

மூன்றாம் நாள் கடைசி வயல் நிறைந்தது. வயல்காரர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "உங்க அனுபவந்தான் அண்ணாச்சி காப்பாத்திச்சு!"

பக்கத்தில் நின்ற அவள் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். நாக்கு கேட்கவில்லை.

"நான் இல்ல வே, இவங்கதான். எவ்வளவு திறக்கணும்னு தெரியாம இத்தனை வருசமும் உங்க வயலைக் காயப்போட்டது நான்தான்."

அவர் என் கையை உதறினார்.

"அப்போ மேல யாரும் மோட்டார் போடலியா?"

"இல்ல."

"மேல் மடையில வயலு வச்சிருக்கது என் கூடப்பொறந்த தம்பிலா வே! நீரு சொன்னதைக் கேட்டு, அவன்தான் தண்ணிய இழுக்கான்னு நம்பி, அவன் மவ கல்யாணத்துக்குக்கூட நான் போவலையே!"

அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, நிறைந்த வயலைத் திரும்பியும் பார்க்காமல், தம்பி வயல் இருந்த பக்கம் வரப்பில் நடந்தார்.