பக்கத்தில் நின்றவன்

மதுரையில் ஸ்கேன் படம் பார்த்துச் சொல்லும் டாக்டராக இருந்தேன். ஒருநாள் காலை, தங்கச்சிமடத்திலிருந்து வந்த விசைப்படகு டிரைவர் ஒருவர் என் தோளில் இடித்து, கையிலிருந்த காபியைக் கொட்டிவிட்டார்.

"பார்த்து வரக்கூடாதா?" என்று எரிந்து விழுந்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும்.

கூட வந்த மனைவி சேலை முந்தானையால் என் புடவையைத் துடைத்தாள். "கோவிச்சுக்காதீக டாக்டரம்மா. இவுக இப்பல்லாம் அப்படித்தான். கோயில்ல பக்கத்துலயே நின்ன எந் தம்பியக்கூட ஏறிட்டுப் பாக்கல. திமிருன்னு அவன் பேச்ச விட்டுட்டான். போன மாசம் படகக் கொண்டுபோயி இன்னொரு படகுல மோதிட்டாக. ஓனரு இனி ஓட்ட வேணாமுங்கிறாரு."

சுருக்கென்றது. சீட்டில் 'தலைவலி, பார்வை மங்கல்' என்றுதான் எழுதியிருந்தது. அவரை எதிரே உட்காரவைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி, காதுப்பக்கத்திலிருந்து விரலை ஆட்டியபடி கொண்டுவந்தேன். இரண்டு கண்ணிலும் விரல் நடுவுக்கு வரும்வரை, "தெரியலம்மா" என்றார்.

வழக்கமான மூளைப் படம் போதாது, பிட்யூட்டரி சுரப்பி இருக்கும் எலும்புக்குழியை முகத்துக்கு நேராக மெல்லிய வெட்டுகளாக எடு என்றேன் டெக்னீஷியனிடம். திரையில் படம் வந்தது. அடேயப்பா! கடலை அளவு இருக்கவேண்டிய சுரப்பியின் இடத்தில், குழியை நிரப்பி, இடுப்புச் சிறுத்து மேலேயும் உப்பிய சுரைக்குடுக்கை. உயரம் இருபத்தாறு மில்லிமீட்டர். பத்தைத் தாண்டினாலே பெரிய கட்டி என்போம்.

அதன் உச்சியில்தான் நான் தேடியது இருந்தது. இரண்டு கண் நரம்புகளும் சந்திக்கும் பட்டை. சுரப்பிக்கு மேலே இடைவெளி விட்டு, தட்டையாகக் கிடக்கவேண்டியது, கட்டி முட்டித் தூக்கியதில் இழைபோல் மெலிந்து வளைந்திருந்தது. இடப்புறமும் வலப்புறமும் வரும் காட்சிகளைச் சுமக்கும் இழைகள் அங்கேதான் குறுக்கே கடக்கின்றன. எத்தனையோ ஆண்டு பார்த்த படம்தான். ஆனாலும் மெய்சிலிர்த்துப் போனேன். பக்கத்தில் வரும் படகும், பக்கத்தில் நிற்கும் மச்சினனும் அந்த நூலளவில் அல்லவா இருந்திருக்கிறார்கள்!

"திமிரு இல்லம்மா. பக்கவாட்டில் இருப்பது அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அன்றைக்கே மூளை அறுவை டாக்டரைக் கூப்பிட்டேன். சில கட்டிகள் மாத்திரையிலேயே சுருங்கும் என்பதால் முதலில் ரத்தத்தில் ஹார்மோன் பார்த்தார்கள். இது அந்த வகையில்லை. மூக்கு வழியாகவே கட்டியை எடுத்தார்கள். பார்வை எவ்வளவு திரும்பும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

சில மாதம் கழித்து மறுபடி படம் எடுக்க வந்தார். பட்டை கீழே இறங்கித் தன் இடத்தில் கிடந்தது. வெளியே வந்து சொன்னேன். பெஞ்சில் அவருக்கு ஒரு பக்கம் மனைவி. மறுபக்கம் சற்றுத் தள்ளி, தலையைக் குனிந்தபடி அவள் முகச்சாடையில் ஒரு ஆள் நின்றிருந்தான்.

டிரைவர் என்னைப் பார்த்தபடியே, தலையைத் திருப்பாமல் சொன்னார்:

"ஏலே மாப்ள, அங்கன ஏன் நிக்கிற? இங்கன வந்து உக்காருலே."