ஆரஞ்சு நிறமான டிக்கெட்

வெளிமாநிலத்தில், பாணேர் என்ற இடத்தில் ஒரு ஹெல்ப்டெஸ்க்கில் எனக்கு அது தகுதிகாண் காலம். வாடிக்கையாளர் அனுப்பும் ஒவ்வொரு புகாரும் எங்களுக்கு ஒரு டிக்கெட். அதற்கு முதல் பதில் போக ஒரு கெடு உண்டு. கெடு தவறியவை ஏற்கெனவே இரண்டு என் கணக்கில் இருந்தன. இன்னொன்று தவறினால் வேலை நிரந்தரமாகாது என்று டீம் லீட் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

அன்று காலை ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் பெண்ணிடமிருந்து டிக்கெட் வந்தது. ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டைத் திறக்க முடியவில்லையாம். என்ன செய்ய வேண்டுமென்று வரி வரியாக எழுதிச் சேமித்தேன். நன்றாக எழுதியிருக்கிறோம் என்று எனக்கே கொஞ்சம் கர்வம்.

மதியம் சாப்பிட எழுந்தபோது அந்த டிக்கெட் ஆரஞ்சு நிறமாகியிருந்தது. முதல் பதிலுக்கான நேரத்தில் முக்கால்வாசி தீர்ந்துவிட்டது என்று எச்சரிக்கை. கோபம்தான் வந்தது. அதான் பதில் எழுதியாயிற்றே, இதற்கென்ன கூப்பாடு? சாஃப்ட்வேருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே டப்பாவைத் திறந்தேன். ஆனால் சாதம் உள்ளே இறங்கவில்லை.

திரும்பி வந்தால் டிக்கெட் சிவப்பு. இந்த இரண்டாவது எச்சரிக்கை டீம் லீடுக்கும் போகும். அவர் எழுந்து வந்து, ஏன் இன்னும் பதில் போகவில்லை என்று இந்தியில் கேட்டார். போயிற்று என்று நானும் இந்தியிலேயே சாதித்தேன். திரையின் மூலையில் கெடுவுக்கான நிமிடங்கள் குறைந்துகொண்டிருந்தன.

பக்கத்து இருக்கைக்காரர் கோயம்புத்தூர்ப் பெண். என் திரையை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது இன்டர்னல் நோட்டுங்களே? மஞ்சக் கட்டத்துல எழுதுனா நம்ம ஆளுங்க கண்ணுக்கு மட்டுந்தான் தெரியும். அந்தம்மாவுக்குப் போகவே இல்லீங்க. அதான் கடியாரம் நிக்கல."

நான் திட்டிக்கொண்டிருந்த எச்சரிக்கைதான் சரி. எழுதியதையெல்லாம் வெட்டிப் பதில் கட்டத்தில் ஒட்டினேன். அனுப்பினேன். சிவப்பு மறைந்து, 'கெடுவுக்குள் பதில்' என்று பச்சையில் வந்தது. டீம் லீட் தலையாட்டிவிட்டுப் போனார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு. பிழைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணிடமிருந்து பதில் வந்தது.

"ரிப்போர்ட் திறந்துவிட்டது, நன்றி. அதற்காகக் காலையிலிருந்து இங்கேயே உட்கார்ந்திருந்த அந்த நோயாளி, டாக்டரைப் பார்க்க நேரமாகிவிட்டது என்று வெறுங்கையோடு கிளம்பிவிட்டார்."

டிக்கெட்டை மூட வேண்டியதுதான் பாக்கி. அன்று மாலைவரை எனக்கு அதை மூடக் கை வரவில்லை.